கண்ணு தெரியாம ரயில்ல போறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில்

எனக்கு சின்ன வயசுலயே பார்வை போயிடுச்சு. வேலை சென்னையில, அம்மா மதுரையில, அதனால மாசத்துக்கு ஒரு தடவையாவது ராத்திரி வண்டி. எங்க வாட்ஸப் குரூப்ல புதுசா யாராவது சேர்ந்தா அதே பத்து கேள்வி வரும், நானும் அதே பத்து வாய்ஸ் நோட் அனுப்புவேன். தொண்டை போயிடுச்சு, அதான் எழுதிட்டேன். உதாரணத்துக்கு எல்லா இடத்துலயும் எழும்பூர்ல இருந்து மதுரை போற பாண்டியனையே எடுத்துக்கிறேன், ஸ்லீப்பர்ல.

சார், எனக்கு டிக்கெட்ல எவ்வளவு குறையும்? பாதியா முக்காலா?

ஸ்லீப்பர், செகண்ட் கிளாஸ், தேர்ட் ஏசி, ஏசி சேர் கார் இதுக்கெல்லாம் முக்கால், அதாவது 75 சதவீதம். செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசிக்கு 50. ராஜதானி, சதாப்தியில தேர்ட் ஏசிக்கும் சேர் காருக்கும் 25 தான். கூட ஒரு ஆள் துணைக்கு வந்தா அவருக்கும் இதே சலுகை. 2020 மார்ச்ல சீனியர் சிட்டிசன் சலுகைய நிறுத்தினாங்கல்ல, அதோட நம்மளதும் போச்சுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு முழு காசு கட்டிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, நம்மளது தொடருது.

ஆனா முக்கால் குறையறது அடிப்படை கட்டணத்துல மட்டும்தான். கணக்குக்காக அடிப்படை கட்டணம் 280 ரூபாய்னு வெச்சுக்கங்க. அதுல நாம கட்டறது 70. ரிசர்வேஷன் 20, சூப்பர்ஃபாஸ்ட் 30 ரெண்டும் முழுசா கட்டணும், ஆக மொத்தம் 120. மத்தவங்க 330 கட்டுவாங்க. அதனால "நாலுல ஒரு பங்குன்னு சொன்னாங்க, ஜாஸ்தியா எடுத்துட்டாங்க"ன்னு கவுண்டர்ல சண்டை போடாதீங்க, ஆன்லைன்ல போட்டா இது மேல சர்வீஸ் சார்ஜ் வேற கொஞ்சம் வரும். தட்கால்ல சலுகையே கிடையாது, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கு, UDID கார்டும் இருக்கு. அது போதாதா?

ஆன்லைன்ல சலுகையோட புக் பண்ணணும்னா ரயில்வேயே கொடுக்கற ஃபோட்டோ கார்டு ஒண்ணு வேணும், அதுல ஒரு நம்பர் இருக்கும். முன்னாடி இதுக்கு டிவிஷன் ஆபீஸுக்கு நேர்ல அலையணும். இப்ப `divyangjanid.indianrail.gov.in` தளத்துலயே விண்ணப்பம் போடலாம். கன்செஷன் சர்டிஃபிகேட், ஊனச் சான்று, ஆதார், ஃபோட்டோ, பிறந்த தேதி சான்று எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். UDID இருந்தா அதையும் பக்கத்துல வெச்சுக்கங்க.

விண்ணப்பம் திரும்பி வர்றது பெரும்பாலும் கன்செஷன் சர்டிஃபிகேட்டால. அதுக்கு ரயில்வே தனி படிவம் வெச்சிருக்கு, அதை பிரிண்ட் எடுத்துக்கிட்டு அரசு டாக்டர்கிட்ட போகணும். முத்திரை பாதி ஃபோட்டோ மேல, பாதி பேப்பர் மேல விழணும், முகத்த மறைக்கக் கூடாது. நமக்கு இது கண்ணுல படாது, அதனால ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பார்வையிருக்கற ஒருத்தர்கிட்ட காட்டி "முத்திரை ஃபோட்டோ மேல விழுந்திருக்கா"ன்னு கேட்டுடுங்க. நான் கேக்காம வந்து ரெண்டாவது தடவை போய் நின்னேன்.

சர்டிஃபிகேட் எத்தனை வருஷத்துக்குன்னா, நிரந்தரக் குறைபாடா இருந்தா 25 வயசு வரைக்கும் 5 வருஷம், 26-ல இருந்து 35 வரைக்கும் 10 வருஷம், அதுக்கு மேல ஆயுசுக்கும்.

எனக்கு கொஞ்சம் தெரியும், வெளிச்சம் நிழல் மட்டும் இல்ல, கிட்ட வெச்சா எழுத்தும் தெரியும். சர்டிஃபிகேட்ல 40 சதவீதம்னு போட்டிருக்கு. எனக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. ரயில்வே விதி "பார்வை அறவே இல்லாதவர்"னுதான் இருக்கு. 40 சதவீதம்ங்கறது மத்த பல அரசு சலுகைகளுக்கான கோடு, அத இங்க கொண்டுவந்து பொருத்தினா வேலைக்காகாது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ராத்திரி பிளாட்ஃபார்ம்ல குறை பார்வைக்காரர் படற பாடு எங்களவிட ஒண்ணும் கம்மி இல்ல, ஆனா விதி இன்னிக்கு அப்படித்தான். மாற்றுத்திறனாளி கோட்டாவும் இந்த சலுகை டிக்கெட்டோட ஒட்டினதுதான். கீழ வர்ற பிளாட்ஃபார்ம் விஷயமெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், அத விடாம படிங்க.

ஐஆர்சிடிசில கேப்சா படத்தப் படிக்க முடியல, எப்படி லாகின் பண்றது?

லாகின் பெட்டியில `Login & Booking With OTP`ன்னு ஒரு டிக் பெட்டி இருக்கு. அத டிக் பண்ணிட்டா படத்துல இருக்கற எழுத்துக்கு பதிலா ஃபோனுக்கு வர்ற எண்ண போட்டு உள்ள போகலாம். ஸ்கிரீன் ரீடர் வெச்சு டேப் பண்ணிட்டே போறப்ப இத தாண்டிப் போயிடறது சுலபம், பாஸ்வேர்ட் கட்டத்துக்கு அப்புறம் நிதானமா தேடுங்க.

உள்ள போனதும் தேடற பக்கத்துல ரெண்டு விஷயம் தனித்தனியா இருக்கு, எல்லாரும் குழம்பறது இங்கதான். `Person With Disability Concession`ங்கற டிக் பெட்டி காசு குறையறதுக்கு. கோட்டா பட்டியல்ல இருக்கற `PERSON WITH DISABILITY` நமக்குன்னு ஒதுக்கி வெச்ச பெர்த்துக்கு. முதல்ல கோட்டாவ பாருங்க, அது காலியாயிடுச்சுன்னா ஜெனரல் கோட்டாவுல டிக் பெட்டிய மட்டும் போட்டுக்கங்க, காசு அப்பவும் குறையும். பயணி விவரத்துல கார்டு நம்பர் கேக்கும், அத மனப்பாடம் பண்ணி வெச்சுக்கங்க, ஏன்னா தேடி எடுக்கறதுக்குள்ள செஷன் முடிஞ்சு வெளிய தள்ளிடும்.

அந்தக் கோட்டாவுல எத்தனை பெர்த்? கண்டிப்பா லோயர் வருமா?

ஸ்லீப்பர்ல ஒரு வண்டிக்கு நாலு. ரெண்டு லோயர், ரெண்டு மிடில். லோயர் நமக்கு, அதுக்கு மேல இருக்கற மிடில் துணைக்கு வர்றவருக்குங்கறது ஏற்பாடு. கவனிங்க, நாலுங்கறது பெட்டிக்கு இல்ல, மொத்த வண்டிக்கு, அதுவும் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து. தீபாவளி, பொங்கலுக்கு 60 நாள் முன்னாடி புக்கிங் திறக்கற அன்னிக்கு காலையிலயே உக்காரணும், மத்த நாள்ல அவ்வளவு அவசரம் இல்ல.

துணைக்கு வர்றவர் ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. போறப்ப தம்பி, வர்றப்ப ஃபிரெண்ட், பரவாயில்ல. ஆனா நாம ஏறலேன்னா அந்த டிக்கெட்ல அவர் மட்டும் தனியா போக முடியாது. அசல் கார்டு நம்ம கையில இருக்கணும், டிடிஇ கேப்பார். ஃபோன்ல ஃபோட்டோ காட்டினா சில பேர் விடுவாங்க, சில பேர் விடமாட்டாங்க, விடலேன்னா மிச்ச கட்டணத்தோட அபராதமும் சேரும்.

ஸ்டேஷன்ல அறிவிப்பு போட்டுட்டேதானே இருக்காங்க, அத கேட்டே போயிடலாம்ல?

பாதி தூரம் போகலாம். அறிவிப்பு தமிழ், இந்தி, இங்கிலீஷ்னு மூணு மொழியில வரும், வண்டி எண்ண ஒவ்வொரு இலக்கமா சொல்வாங்க. மதுரைக்குப் போறது 12637, மதுரையில இருந்து வர்றது 12638. பேரு ரெண்டுக்கும் பாண்டியன்தான், அதனால பேர மட்டும் கேட்டுட்டு எந்திரிக்காம கடைசி இலக்கத்த காத்திருந்து கேளுங்க, ஏழுன்னா போறது, எட்டுன்னா வர்றது. முதல் தடவை தமிழ்ல தவற விட்டா இங்கிலீஷ்ல பிடிச்சுக்கலாம், கூட்டச் சத்தத்துல அதுக்குத்தான் மூணு மொழி உதவுது.

அறிவிப்பு சொல்லாதது ஒண்ணு இருக்கு, உங்க பெட்டி எங்க நிக்கும்ங்கறது. அது பெரும்பாலும் பிளாட்ஃபார்ம்ல தொங்கற போர்டுல எழுத்தா மட்டும் வரும். ஒரு பெட்டி சுமார் 23 மீட்டர், 22 பெட்டின்னா அரை கிலோமீட்டருக்கு மேல. சரியான பிளாட்ஃபார்ம்ல தப்பான முனையில நின்னீங்கன்னா அரை கிலோமீட்டர் ஓட்டம், அதுவும் கூட்டத்துக்குள்ள, கோலோட.

அறிவிப்பு எப்பவும் இருக்கும்னும் நினைக்காதீங்க. 2023 பிப்ரவரி கடைசியில சென்னை சென்ட்ரல்ல ஒலி அறிவிப்ப நிறுத்திட்டு எல்லாம் போர்டுலதான்னு ஆக்கினாங்க. எங்கள மாதிரி ஆளுங்க உட்பட பல பேர் புகார் சொன்னப்புறம் சில நாள்லயே திரும்பக் கொண்டு வந்தாங்க. போர்டு பாக்கறவங்களுக்கு அது இரைச்சல் குறையற விஷயம், எங்களுக்கு ஸ்டேஷனே ஆஃப் ஆயிட்ட மாதிரி.

அப்ப என் பெட்டி எங்க நிக்கும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?

நான் வீட்லயே பாத்துட்டு கிளம்புவேன். வேர் இஸ் மை டிரெயின் ஆப்ல பெட்டி வரிசை இருக்கு, டாக்பேக் வெச்சு படிக்க வரும். எஞ்சின்ல இருந்து எத்தனாவது பெட்டின்னு எண்ணி வெச்சுக்குவேன், உதாரணத்துக்கு எஸ்5 எஞ்சின்ல இருந்து எட்டாவதுன்னு. ஸ்டேஷன்ல யாரையாவது "எஸ்5 எங்க சார் நிக்கும்"னு கேட்டா தலையச் சொறிவாங்க, "எஞ்சின் எந்தப் பக்கம் வரும்"னு கேட்டா டீக்கடைக்காரரே சொல்லிடுவார். மிச்சத்த நாம எண்ணிக்கலாம்.

வண்டி உள்ள வர்றப்ப காதும் உதவும். ஏசி பெட்டி கண்ணாடி மூடின ஒரு மொத்தையான சத்தத்தோட போகும், ஸ்லீப்பர் வந்துச்சுன்னா ஜன்னல் திறந்திருக்கும், பேச்சு, குழந்தை அழுகை எல்லாம் வெளிய கேக்கும். அந்த மாற்றத்த பிடிச்சுட்டா ஸ்லீப்பர் வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுடும். எந்த எஸ்ன்னு பக்கத்துல ஒருத்தர கேட்டுத்தான் ஆகணும், பெட்டிக்கு வெளிய இருக்கற எழுத்து பெயிண்ட்தான், தடவினா தெரியாது.

தரையில மஞ்சள் கலர்ல மேடு மேடா டைல்ஸ் இருக்கே, அது மேல நடந்தா சேஃப்பா?

எந்த டைல்ங்கறத பொறுத்து. நீளநீளமா கோடு இருந்தா "இப்படியே போ"ன்னு அர்த்தம். புள்ளி புள்ளியா இருந்தா "நில்லு, இங்க ஏதோ இருக்கு", படிக்கட்டு, திருப்பம், இல்லேன்னா பிளாட்ஃபார்ம் ஓரம். 1967-ல ஜப்பான்ல ஒகயாமாவுல முதல்ல போட்டது இது, செய்யிச்சி மியாக்கேங்கறவர் கண்டுபிடிச்சார். மஞ்சள் நிறம் குறை பார்வைக்காரங்களுக்கு, மேடு நமக்கு. ஓரத்துல இருக்கற புள்ளி வரிசைய நடக்கற பாதைன்னு நினைச்சு அது மேலயே நடக்கற ஆளுங்கள நான் பாத்திருக்கேன் (சரி, கேட்டிருக்கேன்). அது தண்டவாளத்துக்கு வேலி மாதிரி. கால்ல புள்ளி பட்டுச்சுன்னா உள்பக்கமா ரெண்டு அடி திரும்பி வந்துடுங்க.

கோல தட்டித் தட்டி நடந்தா கோடும் புள்ளியும் ஒண்ணு மாதிரியே தெரியும். நுனிய தரையிலயே வெச்சு இடம் வலமா இழுத்துட்டுப் போங்க, கோடுன்னா குறுக்க இழுக்கறப்ப டக் டக்னு தாண்டும், புள்ளின்னா எந்தப் பக்கம் இழுத்தாலும் சொரசொரன்னு இருக்கும். தடிச்ச அடிப்பாகம் இருக்கற ஷூ போட்டா கால்ல ஒண்ணும் தெரியாது, நான் ரயிலுக்கு மெல்லிசான செருப்புதான்.

இனி குறை. கோட்டுப் பாதை நேரா போய் தூண்ல முட்டும், இல்லேன்னா பார்சல் மூட்டை, தூங்கறவங்க, டிராலி. சில இடத்துல ரிப்பேருக்காக தோண்டிட்டு சாதா டைல்ஸ் போட்டு மூடியிருப்பாங்க, பாதை பாதியில காணாம போகும். அப்ப ஊகத்துல நேரா போகாதீங்க. ரெண்டு பக்கமும் தண்டவாளம் இருக்கற நடு பிளாட்ஃபார்ம்ல "ஒரு பக்கம் தள்ளிப் போனா சுவர்தானே இருக்கும்"ங்கற நினைப்பு ரொம்ப ஆபத்து, அங்க சுவரே கிடையாது. நின்னு, குரல் கொடுத்து, ஆள் வந்தப்புறம் நகருங்க.

உதவிக்கு ஆள் யாரு? போய் யார்கிட்ட கேக்கணும்?

பெரிய ஸ்டேஷன்ல எனக்கு நம்பிக்கையான ஆள் போர்ட்டர்தான். சிவப்பு சட்டை, கையில பேட்ஜ், 2016-ல இருந்து பேரு சஹாயக்னு மாத்தினாங்க, யாரும் அப்படி கூப்பிடறதில்ல. எந்த வண்டில எந்தப் பெட்டி எங்க நிக்கும்னு அவங்களுக்கு மனப்பாடம், முன்னாடி சொன்ன எண்ணிக்கையெல்லாம் அவருக்கு தேவையே இல்ல. காச முதல்லயே பேசிடுங்க, "பெட்டிக்குள்ள வந்து பெர்த்ல உக்கார வைக்கணும்"னு சேர்த்து சொல்லுங்க, இல்லேன்னா வாசல்ல விட்டுட்டு அடுத்த லக்கேஜுக்கு ஓடிடுவாங்க, அவங்க பிழைப்பு அது. துணைக்கு தெரிஞ்சவங்க உள்ள வரணும்னா பத்து ரூபாய் பிளாட்ஃபார்ம் டிக்கெட் போதும், ரெண்டு மணி நேரம் செல்லும்.

சின்ன ஸ்டேஷன்ல போர்ட்டர் இருக்கமாட்டார், நேரா ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்குப் போங்க, இல்லேன்னா ஆர்பிஎஃப் ஆள கேளுங்க. அங்க ஒரு வேடிக்கை நடக்கும். "கண்ணு தெரியாது, பெட்டி வரைக்கும் ஒரு ஆள் வேணும்"னு சொன்னா பல பேர் உடனே வீல்சேர் கொண்டு வருவாங்க. கால் நல்லாத்தான் இருக்குன்னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க, ஆனா கூட்டம் அதிகமா, நடை தூரமா இருந்தா உக்காந்துட்டுப் போறதுலயும் கௌரவக் குறைச்சல் இல்ல, வீல்சேருக்கு எல்லாரும் வழி விடுவாங்க, கோலுக்கு விடமாட்டாங்க. பேட்டரி வண்டி இருக்கற ஸ்டேஷன்ல அதையும் கேக்கலாம்.

உதவி பண்றவங்க கையப் பிடிச்சு இழுக்கறாங்க, கோலப் பிடிச்சு இழுக்கறாங்க, எப்படி சொல்றது?

"அண்ணா, நீங்க என்னப் பிடிக்க வேணாம், நான் உங்க முழங்கைக்கு மேல பிடிச்சுக்கறேன், நீங்க அரை அடி முன்னாடி நடங்க." இந்த ஒரே வாக்கியம்தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன். அவர் முழங்கை இறங்கினா படி இறங்குது, ஏறினா படி ஏறுதுன்னு நமக்கே தெரிஞ்சுடும், வாயால சொல்லக்கூட வேணாம். கோலப் பிடிச்சு இழுத்தா நமக்கு கண்ண மூடிவிட்ட மாதிரி, அத மட்டும் விடாதீங்க.

ஏறும்போது எதுல கவனமா இருக்கணும்? எங்கக்கா ரொம்ப பயப்படறாங்க.

அக்கா பயம் நியாயமானது. ஆபத்து எங்கன்னா ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்கற இடைவெளி. கோலோட வண்டிய ஒட்டி நடந்து வர்றப்ப திடீர்னு பக்கத்துல இரும்பு இல்லாம காலியா இருக்கும், கை தானா "இதுதான் வாசல்"னு சொல்லும், காலத் தூக்கி வெச்சா கீழ தண்டவாளம். எங்களுக்கு தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் கால் உள்ள போய், பின்னாடி நின்னவர் சட்டைய பிடிச்சு இழுத்ததால தப்பிச்சார்.

அதனால வாசல்னு தோணினதும் ரெண்டு விஷயம் உறுதி பண்ணுங்க. கோல உள்ள நீட்டி தட்டுங்க, பெட்டித் தரை கெட்டியா தட்டுப்படணும், காத்துல போச்சுன்னா அது இடைவெளி. அப்புறம் ரெண்டு பக்கமும் நிக்கற கைப்பிடிக் கம்பி, வாசல்னா இருக்கும், இடைவெளின்னா இருக்காது. ரெண்டும் கிடைச்சப்புறம்தான் கால். வண்டி நகர ஆரம்பிச்சுடுச்சுன்னா ஏறவே ஏறாதீங்க, 120 ரூபாய் டிக்கெட்தானே, போனா போகட்டும்.

உள்ள போயிட்டேன், என் பெர்த் 33. யாரையும் எழுப்பாம எப்படி கண்டுபிடிக்கறது?

இப்ப நிறைய பெட்டியில பெர்த் நம்பர பிரெய்ல்லயும் போட்டிருக்காங்க. இருந்தா தடவிப் பாத்துடலாம், ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஒவ்வொரு நம்பரா தடவினா முக்கால்வாசி நேரம் யாரோட காலோ முகமோதான் கிடைக்கும். கணக்குதான் சுலபம். ஸ்லீப்பர்ல ஒரு அறைக்கு எட்டு பெர்த். 1, 4 லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர், அடுத்த அறையில 9-ல இருந்து அதே வரிசை. 33-ஐ எட்டால வகுத்தா நாலு போக மீதி ஒண்ணு. நாலு அறை தாண்டி அஞ்சாவது அறை, மீதி ஒண்ணுன்னா லோயர். துணைக்கு வர்றவருக்கு 34, மேலயே மிடில்.

தடுப்புப் பலகை ஒவ்வொண்ணா கையால எண்ணிட்டே போங்க, நாலு தாண்டினா உங்க அறை. இது ஒண்ணாம் நம்பர் பக்க வாசல்ல ஏறினா. மறுபக்க வாசல்ல ஏறிட்டா, பழைய பெட்டியில 72 பெர்த், ஒன்பது அறை, அதனால அந்தப் பக்கம் இருந்தும் அஞ்சாவதுதான். புது எல்ஹெச்பி பெட்டின்னா 80 பெர்த், பத்து அறை, அப்ப ஆறாவது. எந்த வாசல்னு தெரியலேன்னா முதல் அறையில உக்காந்திருக்கறவர்கிட்ட "உங்க நம்பர் என்ன சார்"னு ஒரே கேள்வி கேளுங்க, போதும்.

ஸ்லீப்பர்ல ஸ்டேஷன் பேரு சொல்லமாட்டாங்களே, மதுரைய தாண்டிப் போயிட்டா?

மதுரை பாண்டியனுக்கு கடைசி ஸ்டாப், தாண்ட முடியாது, அந்த வகையில எனக்கு அதிர்ஷ்டம். திண்டுக்கல்ல இறங்கறவங்களுக்குத்தான் தலைவலி. ஆப்ல இறங்கற ஸ்டேஷனுக்கு முன்னாடி அலாரம் வெச்சுக்கலாம், செல் டவர வெச்சே இடம் கண்டுபிடிக்கும், நெட் இல்லேன்னாலும் வேலை செய்யும். கூடவே டிடிஇகிட்டயும் எதிர் பெர்த்காரர்கிட்டயும் சொல்லி வைங்க. ஃபோன் சார்ஜ் தீந்துட்டா ஆப் எல்லாம் அம்போ, மனுஷங்க அப்படி இல்ல. இறங்கறப்ப எந்தப் பக்கம் பிளாட்ஃபார்ம்னு கேட்டுட்டே கதவத் தொடுங்க, எதிர்ப்பக்கக் கதவும் திறந்தே கிடக்கும்.

ரிசர்வேஷன் இல்லாம போனா?

நிறைய எக்ஸ்பிரஸ் வண்டியில வண்டி முனையில கார்டு பெட்டியோட ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு அறை இருக்கும். அன்ரிசர்வ்டு டிக்கெட் போதும். முனையில இருக்கறதால கண்டுபிடிக்கறது சுலபம், உக்காரறதுதான் கஷ்டம், ஏன்னா உள்ள நல்லா இருக்கறவங்க நிரம்பி வழிவாங்க. வாக்குவாதம் வேணாம், 139-க்கு கூப்பிட்டு வண்டி எண், அடுத்த ஸ்டேஷன் சொல்லுங்க, தமிழ்லயே பேசலாம், ஆர்பிஎஃப் வந்து இறக்கி விடுவாங்க. ஒதுக்கின பெட்டியில அத்துமீறி உக்காரறது ரயில்வே சட்டப்படி அபராதத்துக்குரிய குற்றம்.

கடைசி நிமிஷத்துல பிளாட்ஃபார்ம் மாத்திட்டாங்கன்னா என்ன பண்றது?

எனக்கே நடந்துச்சு, ஒரு ஜங்ஷன்ல, பேரு வேணாம். மூணாவதுல நிக்கறேன், வண்டிக்கு எட்டு நிமிஷம், அஞ்சாவதுக்கு வருதுன்னு அறிவிப்பு. கூட்டம் மொத்தமா படிக்கட்டுக்கு ஓடுது. நானும் கூட்டத்தோட ஓடினேன், அதான் தப்பு. நடு படியில கோல் யாரோட பையிலயோ மாட்டிக்கிட்டு கையவிட்டுப் போச்சு, வண்டியும் போச்சு.

இப்ப ஓடமாட்டேன். அறிவிப்பு வந்த உடனே சத்தமா "அஞ்சாவது பிளாட்ஃபார்முக்குப் போற யாராவது என்ன கூட்டிட்டுப் போங்க, கண்ணு தெரியாது"ன்னு குரல் கொடுப்பேன், எட்டு நிமிஷத்துல முதல் அரை நிமிஷம் அதுக்குத்தான். கூட்டத்துல ஒருத்தராவது அதே வண்டிக்கு போறவர் இருப்பார். முழங்கை வாக்கியத்த சொல்லிட்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பக்கம் போனதும் என் பெட்டிய தேடமாட்டேன், கையில கிடைக்கற முதல் பெட்டியில, மேல சொன்ன ரெண்டு சோதனையும் பண்ணிட்டு ஏறிடுவேன். உள்ளயே நடந்து போகலாம், முடியாத இடம் வந்தா டிடிஇகிட்ட சொல்லி அடுத்த பெரிய ஸ்டாப்ல மாறிக்கலாம்.

ராத்திரி டாய்லெட் போயிட்டு திரும்பி வர்றப்ப பெர்த் மாறிடுச்சுன்னா? சிரிக்காதீங்க, எனக்கு நடந்திருக்கு.

சிரிக்கல, எனக்கும் நடந்திருக்கு. நான் கைக்குட்டைய என் அறையோட ஏணிக் கம்பியில இறுக்கி முடிச்சு போட்டுட்டு போவேன், திரும்பி வர்றப்ப அறை எண்ணிட்டே வந்து, சந்தேகம் வந்தா ஏணியத் தடவுவேன். முடிச்சு ரெட்டையா போடுங்க. ஒத்த முடிச்சு போட்டப்ப ஒரு தடவை மேல் பெர்த் பாட்டி "யாரோ கைக்குட்டைய விட்டுட்டுப் போயிட்டாங்க"ன்னு அவிழ்த்து பத்திரமா மடிச்சு வெச்சுட்டாங்க, நான் நாலு அறை தாண்டி ஒரு போலீஸ்காரர் கால்மாட்டுல போய் உக்காந்துட்டேன்.